மணிக்கணக்கா, மொத்த ரேட்டா? புதுசா ஃப்ரீலான்ஸ் டிசைன் பண்ண வர்றவங்க விலை போடுறது எப்படி

வீடு கட்டுனவங்க வீட்ல இந்தப் பேச்சு கண்டிப்பா நடந்திருக்கும். கொத்தனாருக்கு நாள் சம்பளமா குடுக்கலாமா இல்ல மொத்தமா காண்ட்ராக்ட் விட்டுரலாமான்னு. நாள் சம்பளம்னா வீட்டுக்காரர் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னு பாத்துட்டே இருக்கணும், டீ குடிக்க போனா கூட கணக்கு பார்ப்பார். காண்ட்ராக்ட்னா அவர் நிம்மதியா இருப்பார், ஆனா நடுவுல 'இந்த சுவத்த கொஞ்சம் தள்ளி கட்டிருங்க'ன்னு சொன்னா காண்ட்ராக்டர் மூஞ்சி மாறிரும். டிசைன் வேலைலயும் இதே தான், ஒரே வித்தியாசம் இங்க கொத்தனாரும் நாம தான் காண்ட்ராக்டரும் நாம தான், சுவத்த தள்ளி கட்ட சொல்ற ஆளு நைட்டு பத்தரைக்கு வாட்ஸ்அப்ல வருவாரு.

நான் என்ன சொல்ல வரேன்னா, ஆரம்பத்துல கிளையண்ட் கிட்ட மொத்த ரேட் சொல்லுங்க, ஆனா அந்த மொத்தத்த உள்ளுக்குள்ள மணிக்கணக்குல போட்டு எடுங்க. ரெண்டுல ஒண்ண மட்டும் வச்சிட்டு ஓட்டுறவங்க தான் மாட்டுறாங்க. நானும் மாட்டுனேன். என்னோட முதல் லோகோவுக்கு 3,000 ரூபா சொன்னேன், ஏன் 3,000ன்னு கேட்டா எனக்கே தெரியாது, பக்கத்துல ஒருத்தர் அவ்ளோ வாங்குறார்னு கேள்விப்பட்டது தான். அந்த வேலை முடியறதுக்கு 41 மணி நேரம் ஆச்சு. வகுத்து பாத்தா மணிக்கு 73 ரூபா. அந்தக் கிளையண்ட் மேல தப்பு சொல்ல முடியாது, எத்தன தடவ மாத்தலாம்னு நான் எங்கயுமே சொல்லல, அவரும் மாத்திட்டே இருந்தாரு.

முதல்ல உங்க ஒரு மணி நேரம் எவ்ளோன்னு கண்டுபிடிங்க

இது யாருக்கும் காட்டுற நம்பர் இல்ல, உங்களுக்கு மட்டும். ஒரு பேப்பர் எடுத்து மாசம் வீட்டுக்கு எவ்ளோ வேணும்னு எழுதுங்க. உதாரணத்துக்கு 25,000ன்னு வச்சிப்போம். அப்புறம் தொழில் செலவு. சாஃப்ட்வேர் சந்தா 2,500, நெட்டும் கரண்டும் சேத்து 1,500, கம்ப்யூட்டருக்கு 2,000. கம்ப்யூட்டர் தான் ஏற்கனவே வாங்கியாச்சேன்னு நினைக்காதீங்க, 72,000 குடுத்து வாங்குன மெஷின் மூணு வருஷம் வந்தா மாசம் 2,000 தேய்மானம் ஆகுது, அடுத்த மெஷின் வாங்குற காசு இதுல இருந்து தான் வரணும். வேலை வராத மாசத்துக்கும் உடம்பு சரியில்லாத நாளுக்கும் சேத்து ஒரு 4,000 ஒதுக்குங்க. மொத்தம் 35,000.

அடுத்து தான் எல்லாரும் தப்பு பண்ற இடம். மாசம் 25 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 200 மணி நேரம், 35,000ஐ 200ஆல வகுத்தா 175 ரூபான்னு போட்டுருவாங்க. ஆனா அந்த 200 மணி நேரமும் காசு வர்ற வேலை கிடையாது. கொட்டேஷன் அனுப்புறது, போன்ல பேசுறது, பாக்கி கேட்டு நடக்குறது, போர்ட்ஃபோலியோ அடுக்குறது, புதுசா ஒரு டூல் கத்துக்குறதுன்னு பாதி நேரம் போயிரும். காசு வர்ற நேரம் 100 மணி கிடைச்சாலே நல்லது, அதனால 350 ரூபா. இதுல ஒரு உண்மைய ஒத்துக்கணும், முதல் ஆறு மாசம் அந்த 100 மணிக்கே வேலை வராது, 50, 60 தான் வரும். அதுக்காக ரேட்ட 600ன்னு ஏத்த முடியாது, ஏன்னா கை இன்னும் வேகமாகல. அந்தக் குறைய சேமிப்புலயோ பார்ட் டைம் வேலைலயோ தான் சரிக்கட்டணும், ரேட்ல சரிக்கட்ட முடியாது.

அப்புறம் ஏன் அந்த 350அ நேரா கிளையண்ட் கிட்ட சொல்லக் கூடாது?

ரெண்டு காரணம். ஒண்ணு, கடை வச்சிருக்கிறவங்களுக்கு 'மணிக்கு 350'ன்னு சொன்னா அடுத்த கேள்வி 'அப்ப மொத்தம் எவ்ளோ ஆகும்?' தான். அதுக்கு பதில் தெரியாம அவங்க சரின்னு சொல்ல மாட்டாங்க. மீட்டர் ஓடுற ஆட்டோல ஊர் தெரியாதவர் உக்காந்த மாதிரி, மீட்டரையே பாத்துட்டு வருவாங்க.

ரெண்டாவது காரணம் நமக்கே நஷ்டம். ஆரம்பத்துல ஒரு விசிட்டிங் கார்டுக்கு எனக்கு மூணு மணி நேரம் ஆகும், மணிக்கணக்குன்னா 1,050. ஒரு வருஷம் கழிச்சி அதே கார்ட இன்னும் நல்லா ஒரு மணி நேரத்துல முடிச்சேன், இப்ப 350 தான் வரும். தொழில் கத்துக்க கத்துக்க வருமானம் குறையுதுன்னா அந்தக் கணக்குல ஏதோ கோளாறுன்னு தானே அர்த்தம். மொத்த ரேட்ல அந்த வேகம் உங்க பாக்கெட்டுக்கு வரும். அதே சமயம் ஆரம்பத்துல மெதுவா பண்றதுக்கான நஷ்டமும் உங்க தலைல தான் விழும், அது நியாயம் தான், நாம கத்துக்கிறதுக்கு பேக்கரிக்காரர் ஏன் காசு குடுக்கணும்.

ஒரு வேலைய முழுசா போட்டு பாக்கலாம்

கோபி பக்கம் ஒரு அக்கா புதுசா பேக்கரி ஆரம்பிச்சாங்க. கேட்டது லோகோ, விசிட்டிங் கார்டு, கடை போர்டுக்கு டிசைன். போன்ல பேசுன உடனே 'எவ்ளோ தம்பி?'ன்னாங்க. அந்த இடத்துல வாய்ல வர்ற நம்பர சொல்லக் கூடாது, இத மனப்பாடமே பண்ணிக்கோங்க. 'நாளைக்கு காலைல கணக்கு போட்டு அனுப்புறேன்க்கா'ன்னு சொல்லிட்டு வைங்க.

நைட்டு உக்காந்து வேலைய துண்டு துண்டா பிரிச்சேன். அவங்க கிட்ட பேசி என்ன வேணும்னு எழுதி வாங்க ஒன்றரை மணி. ஊர்ல உள்ள மத்த பேக்கரி போர்டெல்லாம் பாத்து, பேப்பர்ல கிறுக்கி பாக்க மூணு மணி. ரெண்டு மாடல் கம்ப்யூட்டர்ல வரைய ஆறு மணி. ரெண்டு ரவுண்டு கரெக்ஷன் மூணு மணி. தமிழ் எழுத்துல லோகோ ரெண்டு மணி, இது தனியா போட்டதுக்கு காரணம் இருக்கு, தமிழ்நாட்டுல கடை போர்டுல தமிழ் தான் பெருசா இருக்கணும்னு விதியே இருக்கு, அதனால இங்கிலீஷ்ல லோகோ போட்டு கீழ சின்னதா தமிழ ஒட்டுற கதை போர்டுல செல்லாது, தமிழ் எழுத்தையும் லோகோ மாதிரியே வரையணும். கார்டு ஒன்றரை மணி, போர்டு ஒன்றரை மணி, கடைசில பிரிண்டுக்கு ஃபைல் ரெடி பண்ண ஒன்றரை மணி. கூட்டுனா 20 மணி நேரம்.

20ஐ 350ஆல பெருக்குனா 7,000. இத அப்படியே அனுப்பிராதீங்க. புதுசா வர்றவங்க போடுற எஸ்டிமேட் எப்பவுமே கம்மியா தான் இருக்கும், ஏன்னா நாம டிசைன் பண்ற நேரத்த மட்டும் தான் நினைப்போம், பேசுற நேரமும் ஃபைல் தேடுற நேரமும் மனசுல வராது. அதனால கால்வாசி சேத்துக்கோங்க. 25 மணி நேரம், 8,750. நான் 9,000 சொன்னேன்.

அக்கா உடனே கேட்டது என்ன தெரியுமா, 'ஃபிளெக்ஸ் கடைல டிசைனிங் ஃப்ரீன்னு சொல்றாங்களே தம்பி?' இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும், கோவப்படாதீங்க, அவங்க சொல்றது உண்மை தான். ஃபிளெக்ஸ் கடைக்காரர் சதுர அடி கணக்குல பிரிண்டுல காசு எடுத்துக்கிறாரு, அதனால டிசைன இலவசமா குடுக்க அவருக்கு கட்டுப்படியாகும். ஆனா அங்க பாக்கி நாலு பேர் நின்னுட்டு இருக்கப்ப இருபது நிமிஷத்துல கோரல்டிரால அடிச்சி குடுக்குற போர்டு அது. ஒரு நாள் பேனருக்கு அது போதும், நானே அங்க தான் போவேன். அக்காவுக்கு வேண்டியது போர்டுலயும் கேக் டப்பாலயும் ஸ்டிக்கர்லயும் பத்து வருஷம் நிக்கிற லோகோ. இத சொன்னதும் அவங்களுக்கு புரிஞ்சிது. சில பேருக்கு புரியாது, அந்த வேலை நமக்கானது இல்லன்னு விட்டுரணும்.

'சரி, 6,000க்கு முடிங்க'ன்னாங்க. இங்க தான் மணிக்கணக்கு கைல இருக்கறதோட அருமை தெரியும். மணி ரேட்ட குறைக்காதீங்க, வேலைய குறைங்க. ரெண்டு மாடலுக்கு பதிலா ஒண்ணு, மூணு மணி போச்சு. கரெக்ஷன் ஒரு ரவுண்டு தான், ஒன்றரை மணி போச்சு. போர்டு டிசைன் இல்ல, அதுல ஒன்றரை. மிச்சம் 14 மணி, கால்வாசி சேத்தா பதினேழரை, 350ஆல பெருக்குனா 6,125. 'அக்கா, 6,000க்கு இவ்ளோ வரும், 9,000க்கு இவ்ளோ வரும், எது வேணும்?'னு ரெண்டையும் பக்கத்து பக்கத்துல போட்டு அனுப்புனேன். 9,000த்த தான் எடுத்தாங்க. 6,000 எடுத்திருந்தாலும் எனக்கு நஷ்டமில்ல. இதே இடத்துல 'சரிக்கா உங்களுக்காக 6,000'ன்னு இருந்தா 9,000 சும்மா வாய்க்கு வந்த ரேட்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகியிருக்கும்.

அனுப்புற மெசேஜ்ல என்ன இருக்கணும்

பெரிய அக்ரிமெண்ட் எல்லாம் கடைக்காரங்க படிக்க மாட்டாங்க, பயந்துருவாங்க. வாட்ஸ்அப்ல பத்து வரி போதும், ஆனா அதுக்கு அவங்க 'ஓகே'ன்னு பதில் போட்டிருக்கணும். நான் அனுப்புனது கிட்டத்தட்ட இது:

'அக்கா, லோகோ, விசிட்டிங் கார்டு, கடை போர்டு டிசைன் மூணும் சேத்து 9,000. லோகோவுக்கு ரெண்டு மாடல் காட்டுவேன், அதுல ஒண்ண நீங்க எடுத்ததுக்கு அப்புறம் ரெண்டு தடவ கரெக்ஷன் இதுலயே அடக்கம். ஒரு தடவைன்னா உங்க வீட்ல எல்லார்கிட்டயும் கேட்டு மொத்தமா ஒரே மெசேஜா அனுப்பணும். அதுக்கு மேல கரெக்ஷன் வந்தா மணிக்கு 400, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எவ்ளோ ஆகும்னு சொல்லிருவேன். அட்வான்ஸ் 4,500 வந்ததும் ஆரம்பிக்கிறேன், மாடல் காட்டுனதுக்கு அப்புறம் வேலைய நிறுத்துனா அட்வான்ஸ் திரும்ப வராது. மீதி 4,500 வந்ததும் பிரிண்ட் ஃபைல் அனுப்புவேன். பிரிண்ட் செலவு இதுல இல்ல. போர்டு சைஸ் 10க்கு 3 அடி.'

இதுல கரெக்ஷன் பத்துன வரி தான் உயிர். 'ரெண்டு ரவுண்டு'ன்னு மட்டும் எழுதுனா போதாது, ரவுண்டுன்னா என்னன்னு அவங்களுக்கு தெரியாது. காலைல கலர் மாத்த சொல்லுவாங்க, மத்தியானம் எழுத்து பெருசு பண்ண சொல்லுவாங்க, சாயங்காலம் மாப்பிள்ளைகிட்ட காட்டுனேன் அவரு பழைய கலரே நல்லாருக்குங்கறாருன்னு வரும், அவங்க கணக்குல இதெல்லாம் சேத்து ஒரே கரெக்ஷன். அதனால 'எல்லார்கிட்டயும் கேட்டு ஒரே மெசேஜ்'ங்கறத கண்டிப்பா போடுங்க.

அப்புறம் கவனிச்சீங்கன்னா இங்க தான் மணி ரேட் வெளிய வருது. மொத்த ரேட்டுக்கு வேலி எங்க முடியுதோ அங்க இருந்து மணிக்கணக்கு ஆரம்பிக்குது. உள்கணக்கு 350, வெளிய சொல்றது 400, ஏன்னா திட்டத்துல இல்லாத வேலை அடுத்த கிளையண்ட்டோட நேரத்த தான் தின்னும்.

மீதி காசு வர்ற வரைக்கும் காட்டுறது எல்லாம் சின்ன சைஸ் ஜேபிஜியா, மேல குறுக்க உங்க பேர் போட்டதா இருக்கட்டும். பிரிண்டுக்கு ஆகுற ஃபைல் கைக்கு போயிட்டா மீதி 4,500 'அடுத்த வாரம்' ஆயிரும். இதுல நல்லவங்க கெட்டவங்கன்னு ஒண்ணும் இல்ல, கடை திறக்குற பிசில நம்ம காசு கடைசி வரிசைக்கு போயிரும், அவ்ளோ தான்.

நேரத்த எழுதுங்க, மொத்த ரேட்டா இருந்தாலும்

இத தான் யாரும் செய்றதில்ல. மொத்த ரேட் பேசியாச்சே, இனி எதுக்கு மணி பாக்கணும்னு விட்டுருவாங்க. போன்ல டைமர் ஆப் எவ்ளோவோ இருக்கு, கிளாக்கிஃபை, டாகிள்னு, எனக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். கால் மணி நேரம் கணக்குல எழுதுவேன். போன் பேசுனதையும் எழுதணும், அத விட்டா நோட்டு எழுதி பிரயோஜனம் இல்ல.

பேக்கரி வேலை எப்படி போச்சுன்னா, பேச்சு ரெண்டு மணி, கிறுக்கல் ரெண்டரை, மாடல் எட்டு, கரெக்ஷன் ஐந்தரை, தமிழ் எழுத்து மூன்றரை, கார்டு ஒண்ணு, போர்டு ரெண்டரை, ஃபைல் ஒண்ணு. மொத்தம் 26. அதாவது 9,000த்துக்கு மணிக்கு 346. நான் கேட்ட 350க்கு பக்கத்துல வந்திருச்சு, ஆனா அந்தக் கால்வாசி சேக்காம 7,000 சொல்லியிருந்தா 269 ரூபா தான்.

எங்க இழுத்துச்சுன்னு பாருங்க. தமிழ் எழுத்துக்கு ரெண்டு மணி போட்டு மூன்றரை ஆனதுக்கு காரணம் ஃபான்ட். அக்கா வாசகத்த வாட்ஸ்அப்ல அனுப்புனாங்க, அது யூனிகோடு. எனக்கு புடிச்ச ஃபான்ட் பழைய பாமினி வகை, அதுல ஒட்டுனா எழுத்து எல்லாம் கண்டபடி வரும், ஒண்ணு மாத்தி எடுக்கணும் இல்ல திரும்ப டைப் அடிக்கணும், அப்புறம் கொம்பும் காலும் சரியா உக்காந்திருக்கான்னு ஒவ்வொண்ணா பாக்கணும். போர்டு இழுத்ததுக்கு காரணம் சைஸ். வெல்டிங் காரர் வந்து அளந்துட்டு 10க்கு 3 இல்ல, 14க்கு ரெண்டரை தான் வரும்னுட்டாரு. நீளம் கூடி உயரம் குறைஞ்சா பழைய டிசைன இழுத்து விட முடியாது, திரும்ப அடுக்கணும். மெசேஜ்ல 10க்கு 3ன்னு எழுதியிருந்ததால தனியா கேட்டிருக்கலாம், ஒரு மணி நேரம் தானேன்னு நான் கேக்கல, ஆனா 'அக்கா இது சைஸ் மாறுனதால வந்த எக்ஸ்ட்ரா வேலை, இந்தத் தடவ நான் பாத்துக்கிறேன்'னு சொல்லிட்டு தான் செஞ்சேன். சொல்லாம செய்யாதீங்க, செஞ்சது தெரியவே தெரியாது.

ரெண்டு ரவுண்டும் முடிஞ்சதுக்கு அப்புறம் துபாய்ல இருக்க அவங்க தம்பி ஒரு கருத்து சொன்னாரு. 'ரெண்டு மணி நேரம் ஆகும்க்கா, 800, பண்ணட்டுமா?'ன்னு கேட்டேன். சரின்னு சொல்லி அப்பவே போட்டு விட்டாங்க. முன்னாடியே எழுதி இருந்ததால கேக்குறதுக்கு எனக்கும் கூச்சமா இல்ல, அவங்களுக்கும் அதிர்ச்சியா இல்ல.

மணிக்கணக்கே சரியா வர்ற இடம்

வேலையோட அளவு யாருக்குமே தெரியாதப்ப மொத்த ரேட் சொல்றது சூதாட்டம். ஒரு ஓட்டல்காரர் மெனு கார்டு கேப்பார், எத்தன ஐட்டம்னு கேட்டா 'ஒரு எண்பது, நூத்தம்பது இருக்கும்'பார், லிஸ்ட் இன்னும் சமையல் மாஸ்டர் கிட்ட இருக்கு. இன்னொருத்தர் வேற யாரோ பாதி செஞ்ச ஃபைல குடுத்து இத சரி பண்ணுங்கம்பார், திறந்து பாத்தா ஃபான்ட் இல்ல, படம் இல்ல, லேயர் எல்லாம் ஒண்ணா ஒட்டி கிடக்கும். ஏஜென்சிக்காரங்க வேலை அதிகமாகி நம்ம கிட்ட தள்ளி விடுறதும் இந்த ரகம், இன்னைக்கு போஸ்டர், நாளைக்கு கேட்லாக்ல திருத்தம்னு. இதுக்கெல்லாம் மணிக்கணக்கு தான், ஆனா மேல ஒரு கூரை போடுங்க: 'மணிக்கு 350, பத்து மணி நேரத்துக்கு மேல போகாது, எட்டாவது மணில எங்க நிக்குதுன்னு சொல்றேன்.' அவருக்கு அதிகபட்சம் 3,500ன்னு தெரிஞ்சிரும், உங்களுக்கு தெரியாத வேலைல தலைய விட்டு மாட்டுற பயம் இல்ல. எட்டாவது மணில சொல்றேன்னா எட்டாவது மணில சொல்லணும், பத்து முடிஞ்சி பன்னெண்டுல சொன்னா அந்த ரெண்டு மணி நேரம் தர்மம் தான்.

வெளிநாட்டு கிளையண்ட்ட அப்வொர்க்ல பிடிச்சா மணிக்கணக்கு அங்க சகஜம், ஆனா பெரும்பாலும் அவங்க ஆப் ஓடிட்டு இருக்கணும், அது உங்க ஸ்கிரீன நடுநடுவுல படம் எடுத்து கிளையண்ட்டுக்கு காட்டும், பேப்பர்ல கிறுக்குன மூணு மணி நேரம் அதுல வேலையா தெரியாது. ஃபைவர்ல பெரும்பாலும் பேக்கேஜ் விலை தான், அவங்க 20 சதவீதம் எடுத்துப்பாங்க. இங்க ஒரு கணக்கு நிறைய பேர் தப்பா போடுறாங்க. கைக்கு 9,000 வேணும்னா 9,000த்தோட 20 சதவீதம் கூட்டி 10,800 போடுவாங்க, அதுல 20 சதவீதம் போனா 8,640 தான் வரும். 9,000ஐ 0.8ஆல வகுக்கணும், 11,250.

ஒரே மாதிரி வேலை அஞ்சு முடிஞ்சதும் நோட்ட எடுத்து வச்சி பாருங்க. எஸ்டிமேட்ட விட எந்த வரி எப்பவுமே கூட வருதோ அந்த வரிய மட்டும் திருத்துங்க, மணி ரேட்ல கை வைக்காதீங்க. எல்லா வரியும் கொஞ்சம் கொஞ்சம் கூடுதுன்னா அது உங்க கை வேகம், நாளாக நாளாக சரியாகும். ஒரே வரி மட்டும் ரெண்டு மடங்கு ஆகுதுன்னா அந்த வேலைய நீங்க இன்னும் புரிஞ்சிக்கல, இல்ல அந்த வரிக்கு மெசேஜ்ல வேலி போடல. எனக்கு கரெக்ஷன் வரி அப்படித்தான், அஞ்சு வேலைலயும் மூணு போட்ட இடத்துல அஞ்சு, ஆறுன்னு வந்துச்சு, பாதி நேரம் போன்ல போயிருந்துச்சு. அதுக்கப்புறம் கரெக்ஷன போன்ல கேக்கறதில்ல, எழுதி தான் அனுப்ப சொல்றேன், எழுத வராதவங்கன்னா வாய்ஸ் மெசேஜ்.

பேக்கரி அக்கா சொல்லி அடுத்து ஒரு ஜூஸ் கடைக்காரர் அதே மூணு வேலைக்கு கூப்பிட்டார். இந்தத் தடவ ஊகம் இல்ல, நோட்டுல 26 மணின்னு இருக்கு, அதனால கால்வாசிக்கு பதிலா பத்துல ஒரு பங்கு சேத்தா போதும்னு 10,000 சொன்னேன், போர்டு சைஸ வெல்டிங் காரர் அளந்ததுக்கு அப்புறம் அனுப்புங்கன்னு ஒரு வரி கூட சேத்து.